ரெண்டு நாள் வாந்தி வரலன்னு மாத்திரையை நிறுத்தினேன்

எனக்கு முதல் கீமோ ஒரு திங்கட்கிழமை. சிஸ்பிளாட்டின்னு ஒரு மருந்து, மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு சைக்கிள்னு சொல்லியிருந்தாங்க. வீட்ல நான் மட்டும்தான், பையன் வெளியூர்ல படிக்கிறான், அவன்கிட்ட பாதிதான் சொல்லியிருந்தேன். கீமோன்னாலே வாந்தின்னு எல்லாரும் பயமுறுத்தி வச்சிருந்ததால படுக்கை பக்கத்துல ரெண்டு பக்கெட், துண்டு எல்லாம் வச்சுக்கிட்டு திங்கட்கிழமை ராத்திரி பூரா முழிச்சு உக்காந்திருந்தேன். ஒண்ணுமே வரல. செவ்வாய்க்கிழமையும் வரல, கொஞ்சம் அசதி மட்டும்தான். சாப்பிட்டேன், துணி கூட துவைச்சு போட்டேன். அப்பதான் எனக்கு ஒரு மிதப்பு வந்துச்சு, நமக்கு உடம்பு நல்லா தாங்குது போலன்னு. அந்த மிதப்புக்கு நான் கொடுத்த விலை மூணு நாள் அட்மிஷன், பத்து நாள் தள்ளிப் போன அடுத்த கீமோ, அந்த பில்லு, அதுக்கு மேல போட்ட லீவு. இதை எழுதுறதுக்கு காரணமே அதுதான், நான் தப்பு பண்ண இடம் எல்லாம் ரொம்ப சாதாரண இடம், யாரா இருந்தாலும் அங்கதான் வழுக்குவாங்க.

வீட்டுக்கு அனுப்பும்போது வாந்திக்குன்னு ஒரு கவர்ல மூணு விதமான மாத்திரை கொடுத்தாங்க. ஒண்ணு ஆப்ரெபிடன்ட் கேப்ஸ்யூல், மூணு இருக்கிற பாக்கெட். முதல் கேப்ஸ்யூல் 125 மில்லிகிராம், அதை கீமோ ஏத்துறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அங்கயே முழுங்க வச்சுட்டாங்க, மீதி ரெண்டும் 80 மில்லிகிராம், செவ்வாய் காலைல ஒண்ணு புதன் காலைல ஒண்ணு. ரெண்டாவது டெக்ஸாமெத்தசோன், காலைல சாப்பிட்டுட்டு 8 மில்லிகிராம், செவ்வாய் புதன் வியாழன்னு மூணு நாளைக்கு. மூணாவது ஆன்டான்செட்ரான் 8 மில்லிகிராம், "தேவைப்பட்டா மட்டும்"னு எழுதியிருந்துச்சு. சிஸ்டர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டி சொன்னாங்க, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா ஆறு மணி நேரம் ட்ரிப்போட உக்காந்துட்டு வீட்டுக்குப் போனா போதும்னு இருக்கிறப்ப காதுல என்ன ஏறும். எனக்கு மனசுல நின்னது அந்த "தேவைப்பட்டா மட்டும்" மட்டும்தான், அதை மூணு மாத்திரைக்குமே பொருத்திக்கிட்டேன்.

செவ்வாய் காலைல வாந்தி இல்லாததால கேப்ஸ்யூலை பத்திரமா எடுத்து வச்சேன், வாந்தி வந்தா போட்டுக்கலாம்னு. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டுன்னு தேடிப் பார்த்து தெரிஞ்சுக்கிட்டேன், ஸ்டீராய்டு உடம்பை கெடுத்துடும்னு வருஷக்கணக்கா கேட்டு வளர்ந்தவ நான், திங்கட்கிழமை கீமோவோட அதையும் கொடுத்திருந்தாங்க, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராததுக்கும் அதுதான் காரணம்னு புரிஞ்சதும் அதையும் ஒதுக்கிட்டேன். ஆக, என் வயித்தைக் காப்பாத்த கொடுத்த ரெண்டு முக்கியமான மருந்தையும் நானே நல்லா யோசிச்சு ஓரங்கட்டிட்டு, பெரிய புத்திசாலி மாதிரி தூங்கப் போயிட்டேன்.

புதன்கிழமை விடியக்காலை ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுது. முதல்ல சாப்பாடு, அப்புறம் தண்ணி, அப்புறம் மஞ்சளா பித்தம், அப்புறம் வெறும் குமட்டல், உள்ள ஒண்ணுமே இல்லாம வயிறு மட்டும் இழுத்து இழுத்துப் பிழியும், அதுதான் இருக்கிறதுலயே கொடுமை. காலைல ஆறு மணிக்குள்ள நாலு தடவை. உடனே அந்த ஆன்டான்செட்ரானை போட்டேன். நிக்கல. ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு, மதியம் இன்னொண்ணு, இப்படியே ராத்திரிக்குள்ள அஞ்சு மாத்திரை போட்டுட்டேன், அதுல பாதி வாந்திலயே வெளிய வந்துச்சு. அந்த ஒதுக்கி வச்ச கேப்ஸ்யூல் ஞாபகம் வந்து சாயங்காலம் அதையும் முழுங்கினேன், பத்து நிமிஷத்துல அதுவும் பக்கெட்லதான்.

இந்த இடத்துல எனக்கு பின்னாடி டாக்டர் சொன்னதை சொல்லிடுறேன், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். கீமோ வாந்தி ஒரே வாந்தி இல்ல, ரெண்டு அலையா வருது. மருந்து ஏறின முதல் 24 மணி நேரத்துல வர்றது ஒரு அலை, குடல் சுவர்ல இருக்கிற செல்லுங்க அடிபட்டு செரோடோனின்னு ஒண்ணைக் கொட்டும், அது நரம்பு வழியா மூளைக்குப் போய் வாந்தி எடுக்கச் சொல்லும். ஆன்டான்செட்ரான், கிரானிசெட்ரான், பாலோனோசெட்ரான்னு "செட்ரான்"ல முடியிற மருந்தெல்லாம் அந்த செரோடோனின் கதவை அடைக்கிறது. எனக்கு திங்கட்கிழமை ட்ரிப்புக்கு முன்னாடி பாலோனோசெட்ரான் ஊசி போட்டிருந்தாங்க, அது உடம்புல ரொம்ப நேரம் தங்கும், அதனாலதான் முதல் நாள் அவ்வளவு அமைதி. 24 மணி நேரத்துக்கு அப்புறம் வர்றது ரெண்டாவது அலை, சிஸ்பிளாட்டின்ல அது ரெண்டு மூணு நாள் ஆகும்போது உச்சத்துக்குப் போய் அஞ்சாவது நாள் வரைக்கும் கூட இழுக்கும். இதுல முக்கியமான ஆள் செரோடோனின் இல்ல, மூளைல வேலை செய்யற சப்ஸ்டன்ஸ் பின்னு இன்னொண்ணு. அந்தக் கதவை அடைக்கிறதுதான் ஆப்ரெபிடன்ட். டெக்ஸாமெத்தசோன் ரெண்டு அலைலயும் உதவும், இன்னும் சொல்லப்போனா ரெண்டாவது அலைக்கு அதுதான் பழைய நம்பிக்கையான ஆள். நான் என்ன பண்ணேன்னா பின் கதவு வழியா திருடன் வந்தப்ப முன் கதவுக்கு பூட்டு மேல பூட்டா போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்.

அந்த ஆன்டான்செட்ரான் அஞ்சு போட்டதும் சும்மா வீணா போன விஷயம் இல்ல. அது மலச்சிக்கலை உண்டாக்கும், நாலு நாள் போகலன்னா அந்த சிக்கலே தனியா குமட்ட வைக்கும். அதை விடப் பெரிய ஆபத்து இதயத் துடிப்போட தாளம். வாந்தில பொட்டாசியம் எல்லாம் போயிருக்கிற உடம்புல இந்த மாத்திரையை அளவுக்கு மேல போட்டா தாளம் தப்பலாம், அதனாலதான் அட்மிட் பண்ணதும் எனக்கு முதல் வேலையா ஈசிஜி எடுத்தாங்க. "தேவைப்பட்டா"ன்னு எழுதியிருந்தா ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம், அப்படின்னு அந்த சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க. எனக்கு அப்புறமா எழுதிக் கொடுத்தது எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, அதுக்கு மேல கூடாது.

வியாழக்கிழமை பூரா இப்படியே போச்சு. ஏன் போன் பண்ணலன்னு எல்லாரும் கேட்டாங்க, பையன் அழுதுக்கிட்டே கேட்டான். உண்மையைச் சொல்லணும்னா கீமோன்னா வாந்தி வரத்தானே செய்யும், இதுக்குப் போய் அவங்களைத் தொந்தரவு பண்ணா இதைக்கூட தாங்க முடியலையான்னு நினைப்பாங்களோன்னு ஒரு வெக்கம். 24 மணி நேரமும் எடுக்கிற ஒரு நம்பர் அந்த சீட்டுலயே மேல அச்சடிச்சு இருந்துச்சு, நான் அதை நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் காலைல பண்ணிக்கலாம்னு வச்சுட்டேன். வியாழன் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தப்ப கண்ணு இருட்டிட்டு வந்து வாசல்லயே உக்காந்துட்டேன். அங்க உக்காந்தப்பதான் தோணுச்சு, கடைசியா எப்ப சிறுநீர் போனோம்? யோசிச்சு யோசிச்சு பார்க்கிறேன், காலைல கொஞ்சூண்டு, அடர் மஞ்சளா. அதுதான் என்னை போனை எடுக்க வச்சுது, வாந்தி இல்ல.

எடுத்த சிஸ்டர் ரொம்ப நிதானமா வரிசையா கேட்டாங்க. "என்ன மருந்து ஓடுதும்மா, என்னிக்கு போட்டாங்க? இன்னிக்கு எத்தனை தடவை வாந்தி? கடைசியா குடிச்ச தண்ணி உள்ள தங்குச்சா? சிறுநீர் எப்ப போனீங்க? ஜுரம் பார்த்தீங்களா? வாந்தில ரத்தம், காபித்தூள் மாதிரி கருப்பா ஏதாவது? வயிறு வீங்கி வலிக்குதா, காத்து பிரியுதா? எந்தெந்த மாத்திரை எத்தனை போட்டீங்க?" நான் தடுமாறி தடுமாறி சொன்னேன். சிஸ்பிளாட்டின்னு சொன்னதும் அவங்க குரலே மாறிடுச்சு. "நீங்க தனியா வண்டி எடுத்துட்டு வராதீங்க, யாரையாவது கூட்டிட்டு இப்பவே கிளம்புங்க, மாத்திரை கவரை அப்படியே எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பி கூட்டிட்டுப் போனேன். முப்பது மணி நேரத்துக்கு முன்னாடி பண்ணியிருக்க வேண்டிய போன் அது.

சிஸ்பிளாட்டின்னு சொன்னதும் ஏன் அவசரம்னா அந்த மருந்து வெளிய போற வழி சிறுநீரகம், அது சிறுநீரகத்தை நேரடியாவே பாதிக்கக்கூடிய மருந்து. அதனாலதான் ட்ரிப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் லிட்டர் கணக்குல சலைன் ஏத்துறாங்க, வீட்ல நல்லா தண்ணி குடிங்கன்னு சொல்றாங்க. அந்த நேரம் பார்த்து உடம்புல தண்ணியே இல்லாம காய்ஞ்சா என்ன ஆகும். சிறுநீரகம் தடுமாறினா ரத்தத்துல ஏறுற கிரியேட்டினின்னு ஒண்ணு, எனக்கு கீமோவுக்கு முன்னாடி 0.8 இருந்தது அன்னிக்கு ராத்திரி 1.9. எடை திங்கட்கிழமையை விட மூணு கிலோ கம்மி, மூணு நாள்ல கரைஞ்சது கொழுப்பு இல்ல, பெரும்பாலும் தண்ணி. மூணு நாள் சலைன், பொட்டாசியம் எல்லாம் ஏத்தி, வாந்திக்கு ஊசி வழியா மருந்து கொடுத்து, கிரியேட்டினின் மெதுவா இறங்கி 1.1க்கு வந்தப்பதான் வீட்டுக்கு விட்டாங்க. முழுசா பழைய நிலைக்கு வர்ற வரைக்கும் அடுத்த சைக்கிள் இல்லன்னு சொல்லிட்டாங்க, அதுல போனதுதான் அந்த பத்து நாள். புற்றுநோய்க்கு போட வேண்டிய மருந்தை வாந்தி தள்ளிப் போட்டுடுச்சேன்னு நினைச்சு நான் அழுத அழுகை, வாந்திக்கு அழுததை விட ஜாஸ்தி.

வார்டுல டாக்டர் வந்து உக்காந்து சில கேள்வி கேட்டார், கர்ப்பமா இருந்தப்ப வாந்தி அதிகமா, பஸ்ல போனா குமட்டுமா, வயசு ஐம்பதுக்குள்ளயா. எல்லாத்துக்கும் ஆமா. பையன் வயித்துல இருந்தப்ப அஞ்சு மாசம் வாந்தி எடுத்தவ நான். பெண்கள், வயசு கம்மியானவங்க, கர்ப்ப காலத்துல ரொம்ப வாந்தி எடுத்தவங்க, வண்டில குமட்டுறவங்க, இவங்களுக்கெல்லாம் கீமோ வாந்தியும் அதிகமா வருமாம். நிறைய மது குடிச்சுப் பழகினவங்களுக்கு கம்மியா வருமாம், உலகத்துல நியாயம்னு ஒண்ணு எங்க இருக்கு. முதல் சைக்கிளுக்கு முன்னாடி இதை யாரும் கேக்கலன்னா நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க. எல்லா கீமோவும் ஒரே மாதிரி வாந்தி தர்றது இல்ல, சிலதுக்கு பத்துப் பேர்ல ஒருத்தருக்குக் கூட வராது, சிஸ்பிளாட்டின் மாதிரி சிலதுக்கு தடுப்பு மருந்து இல்லாம போட்டா பத்துல ஒன்பது பேருக்கு மேல வரும். அதனால பக்கத்து படுக்கைக்காரருக்கு ஒரே ஒரு மாத்திரை, எனக்கு மட்டும் ஏன் நாலுன்னு ஒப்பிட்டுப் பார்க்காதீங்க, அவர் மருந்து வேற.

ரெண்டாவது சைக்கிளுக்கு திட்டம் மாறுச்சு. பழைய மூணோட நாலாவதா ஓலான்சபின் 5 மில்லிகிராம், கீமோ அன்னிக்கு ராத்திரில இருந்து நாலு ராத்திரிக்கு. வீட்டுக்கு வந்து பாக்கெட்டுக்குள்ள இருந்த தாளைப் படிச்சதும் தூக்கி வாரிப் போட்டுச்சு, மனநோய்க்கான மருந்துன்னு போட்டிருக்கு. எனக்கு பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்களோன்னு சிஸ்டர்க்கு போன் பண்ணிட்டேன், இந்த தடவை வெக்கப்படல. அவங்க சிரிச்சுட்டு சொன்னாங்க, அதே மருந்துதான், ஆனா மூளைல வாந்திக்கு சம்பந்தப்பட்ட பல கதவை ஒரே நேரத்துல அடைக்கும், அதுலயும் அந்த மூணாவது நாள் குமட்டலுக்கு நல்லா கேக்கும், நாலு நாள்தான்னு. தூக்கம் அப்படி ஒரு தூக்கம் வரும், மறுநாள் காலைலயும் தலை மந்தமா இருக்கும், அதனால ராத்திரி படுக்கப் போறப்ப போடணும், மறுநாள் வண்டி ஓட்டக்கூடாது, படுக்கைல இருந்து டக்குனு எழுந்திரிக்கக்கூடாது. அந்தத் தூக்கம் எனக்கு உண்மைல வரமா இருந்துச்சு, ஏன்னா டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், இது கொடுக்கும்.

டெக்ஸாமெத்தசோன் பத்தி என் பயத்தையும் டாக்டர்கிட்டயே கேட்டேன். மாசக்கணக்குல சாப்பிடுறவங்களுக்கு வர்ற பிரச்சனை வேற, மூணு நாலு நாள் சாப்பிடுறது வேறன்னார். ஆனா அந்த நாலு நாள்லயும் அதுக்குன்னு குணம் இருக்கு, காலைல போட்டா ராத்திரி தூக்கம் கொஞ்சமாவது வரும், சாயங்காலம் போட்டா கூரையைப் பார்த்துக்கிட்டு படுத்திருக்க வேண்டியதுதான். வெறும் வயித்துல போட்டா எரியும். சர்க்கரை உள்ளவங்களுக்கு அந்த நாள்ல சர்க்கரை எகிறும், முன்னாடியே சொல்லி அளவு பார்த்துக்கணும். சிலருக்கு விக்கல் வரும், எனக்கு வந்துச்சு, ஒரு மணி நேரம் விக்கிக்கிட்டே இருந்தேன், ஆனா வாந்தியை விட விக்கல் எவ்வளவோ தேவலை. உங்களுக்கு ஒத்துக்கலன்னா நீங்களா நிறுத்தாம சொல்லுங்க, அளவைக் குறைச்சுத் தருவாங்க. ஆப்ரெபிடன்ட் இன்னொரு வேலையும் பண்ணும், வேற சில மருந்தோட அளவை உடம்புல ஏத்தி இறக்கும். கருத்தடை மாத்திரை அதோட சேர்த்து சாப்பிட்டா சரியா வேலை செய்யாது, கடைசி கேப்ஸ்யூல் முடிஞ்சு ஒரு மாசம் வரைக்கும் வேற வழி வேணும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்க்கணும். நீங்க ஏற்கனவே சாப்பிடுற மாத்திரை எல்லாத்தோட பட்டியலையும் கொடுங்கன்னு கேக்கிறது சும்மா இல்ல.

ஆக ரெண்டாவது தடவை நான் எப்படி பண்ணேன்னா, ஒரு தாள்ல திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் கட்டம் போட்டு, எந்த மாத்திரை எந்த நேரம்னு எழுதி, போட்டதும் டிக் பண்ணேன். குமட்டல் இருக்கோ இல்லையோ போடணும், அதுதான் கணக்கு. இந்த மருந்தெல்லாம் வாந்தி வராம தடுக்கிறதுல கெட்டி, ஆரம்பிச்ச வாந்தியை நிறுத்துறதுல அவ்வளவு கெட்டி இல்ல. மலச்சிக்கலுக்கு முதல் நாளே ஒரு மருந்து கேட்டு வாங்கிக்கிட்டேன். பக்கத்துல இன்னொரு கட்டத்துல எத்தனை தடவை வாந்தி, எவ்வளவு தண்ணி, எத்தனை தடவை சிறுநீர், காலை எடை. புதன்கிழமை விடியக்காலை பயத்துல தானா முழிப்பு வந்துடுச்சு. குமட்டல் இருந்துச்சு, வாந்தி ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் அந்த சைக்கிள் முழுக்க.

அந்த ஒரு தடவைக்கு என்ன பண்ணேன்னும் சொல்றேன். காலை மாத்திரை போட்டு கால் மணி நேரத்துல அந்த வாந்தி. மறுபடி போடணுமா வேண்டாமான்னு நானா முடிவு பண்ணாம போன்ல கேட்டேன். அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தாலோ, மாத்திரை வாந்தில கண்ணால தெரிஞ்சாலோ பெரும்பாலும் மறுபடி போடச் சொல்வாங்களாம், அதுக்கு அப்புறம்னா பெரும்பாலும் வேண்டாம்பாங்க, ஆனா மருந்தைப் பொறுத்து மாறும், கேட்டுட்டுத்தான். கேட்டதுல எனக்கு திரும்பப் போடச் சொன்னாங்க. முழுங்கின எதுவுமே தங்கலன்னா நாக்குல கரையிற மாத்திரை இருக்கு, ஆசனவாய் வழியா வைக்கிறது இருக்கு, ஊசி இருக்கு, மாத்திரைக்கு மேல மாத்திரையா முழுங்கிக்கிட்டு இருக்கிறதுக்கு அர்த்தமே இல்ல. அதே மாதிரி ஒரு வகை கேக்கலன்னா அதே வகையை கூட்டிப் போடுறதை விட வேற வகைக்கு மாத்துவாங்க. என் வார்டுல ஒரு அம்மாவுக்கு அப்படி மெட்டோகுளோப்ரமைடு கொடுத்திருந்தாங்க, அவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலம் கால் ரெண்டும் ஒரு இடத்துல இருக்க முடியாம தவிச்சுது, தாடை இழுத்துக்கிச்சு. அது அந்த மருந்தால சிலருக்கு வர்றது, சொன்னா மாத்து மருந்து கொடுத்து சீக்கிரமே சரி பண்ணிடுவாங்க, அவங்களுக்கும் பண்ணாங்க. வீட்ல நடந்திருந்தா பக்கவாதம்னு பயந்திருப்பாங்க. அந்த மாத்திரை பழசு வீட்ல கிடக்குன்னு ஓலான்சபின் கூட சேர்த்துப் போட்டுடாதீங்க, ரெண்டும் ஒரே கதவுல வேலை செய்யறதால இந்த தொல்லை கூடும்.

இப்ப போன் பண்ண வேண்டிய நேரம். என்னை டிஸ்சார்ஜ் பண்ணப்ப சிஸ்டர் சொன்னதை கையில எழுதி கதவுல ஒட்டினேன். ஒரு நாள்ல நாலஞ்சு தடவைக்கு மேல வாந்தி, இல்ல ஒரு நாள் பூரா தண்ணி கூட தங்கல, இதுல எது முதல்ல வந்தாலும் போன். உங்க ஆஸ்பத்திரில இதை விட கம்மியான எண்ணிக்கை சொல்லியிருந்தா அதையே பிடிங்க. ஆனா எண்ணிக்கைக்கு காத்திருக்கவே கூடாத சில விஷயம் இருக்கு, ஒரே ஒரு வாந்தின்னாலும் ராத்திரி எத்தனை மணின்னாலும். வாந்தில ரத்தமோ காபித்தூள் மாதிரியோ இருந்தா. எழுந்தா கண்ணு இருட்டுது, எட்டு மணி நேரமா சிறுநீரே போகலன்னா. வயிறு உப்பி கடுமையா வலிச்சு, மலமும் போகாம காத்தும் பிரியலன்னா, அது குடல் அடைப்பா இருக்கலாம். கடுமையான தலைவலியோ பேச்சுல குழப்பமோ சேர்ந்து வந்தா. அப்புறம் ஜுரம், 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட். இதோட, வாந்தியால உங்களோட வழக்கமான முக்கிய மாத்திரை, இன்சுலின் போட்டுட்டு சாப்பிடுற சாப்பாடு, வாய் வழியா சாப்பிடுற கீமோ மாத்திரை எதுவும் தங்கலன்னாலும் உடனே சொல்லணும்.

இந்த ஜுர விஷயம் எனக்கே மூணாவது சைக்கிள்ல வந்துச்சு. ஒன்பதாவது நாள், குமட்டலெல்லாம் முடிஞ்சு நல்லா இருந்தவளுக்கு திடீர்னு மதியம் ரெண்டு தடவை வாந்தி. எண்ணிக்கைப்படி பார்த்தா ரெண்டுதான், போன் பண்ண வேண்டியதில்ல. ஆனா எனக்கு அந்த நேரக் கணக்கு ஞாபகம் வந்துச்சு, கீமோ வாந்தி அஞ்சு நாளோட அடங்கணும், ஒன்பதாவது நாள் புதுசா ஆரம்பிச்சா அது வேற ஏதோ. தெர்மாமீட்டர் வச்சேன், 38.3. பாராசிட்டமால் கைல எடுத்துட்டேன், போடாம முதல்ல போன் பண்ணேன், ஜுரத்தை இறக்கிட்டா நிலைமை என்னன்னு அவங்களுக்குத் தெரியாமப் போயிடும்னு சொல்லியிருந்தாங்க. "ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும்"னாங்க. ரத்தத்துல வெள்ளை அணு ரொம்ப இறங்கியிருந்துச்சு, கீமோ போட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல அது அடிமட்டத்துக்குப் போற நேரம், அந்த நேரத்துல ஒரு சின்ன தொற்று கூட மணிக்கணக்குல ஆளைச் சாய்ச்சுடும். ரிப்போர்ட் முழுசா வர்றதுக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் ஏத்திட்டாங்க, நாலு நாள்ல வீட்டுக்கு வந்தேன். பழைய நானா இருந்திருந்தா ரெண்டு வாந்திதானேன்னு ஆன்டான்செட்ரான் ஒண்ணைப் போட்டுட்டு படுத்திருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் மருந்துக்கு கட்டுப்படல. முதல் சைக்கிள் வாந்தி உடம்புல பதிஞ்சுடுச்சு போல, அந்த வார்டுல கை கழுவ வச்சிருக்கிற திரவத்தோட வாசனை வந்தாலே வாய்ல எச்சில் ஊற ஆரம்பிக்கும். நாலாவது சைக்கிளுக்குப் போனப்ப ட்ரிப் போடுறதுக்கு முன்னாடியே, வராந்தாலயே வாந்தி எடுத்துட்டேன். அசிங்கமா இருந்துச்சு. சிஸ்டர் தரையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க, "இது உங்க மனக்கோளாறு இல்லம்மா, முதல் தடவை வாந்தி அதிகமா எடுத்தவங்களுக்கு இப்படி முன்கூட்டியே வரும், முன்னாடியே சொல்லியிருந்தா முந்தின ராத்திரியும் காலைலயும் போட பதட்டத்தைக் குறைக்கிற லோரசிபாம் கொடுத்திருப்போமே." முதல் தடவையே அடக்கியிருந்தா இது வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மியாம். கீமோ முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு, பரிசோதனைக்குப் போறப்பல்லாம் நான் இன்னும் அந்த வராந்தா பக்கம் போகாம, பின்பக்க படி வழியாத்தான் ஏறிப் போறேன்.